2,41,920இல் ஒன்று

செம்பனை எண்ணெய் ஃபியூச்சர்ஸ் தரகில் முப்பது ஆண்டுக்கு மேல் இருந்துவிட்டேன். இப்போது யாராவது ஒரு பேக்டெஸ்ட் தாளைக் கொண்டுவந்து என் முன் வைத்தால், லாபம் எவ்வளவு என்று நான் பார்ப்பதில்லை. "இந்த எண்களுக்கு வந்து சேர எத்தனை சேர்க்கைகளை ஓட்டிப் பார்த்தீர்கள்?" என்றுதான் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. அந்தத் தாளில் லாபம் இருக்கும், நஷ்டம் இருக்கும், அழகாக மேலேறும் கோடும் இருக்கும். தோற்றுப்போன முயற்சிகளின் எண்ணிக்கை மட்டும் இருக்காது. அது தெரியாமல் மற்ற எந்த எண்ணுக்கும் பொருள் கிடையாது என்பதைப் புரிந்துகொள்ளத்தான் இந்தத் தொழிலில் எனக்கு நெடுங்காலம் ஆனது.

நான் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில். அப்பா பால்மரம் வெட்டினார். நான் பள்ளி முடிப்பதற்குள் பாதி ரப்பர் காட்டை அழித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் ஈப்போவில் ஒரு தரகு நிறுவனத்தில் கிராணியாகச் சேர்ந்தபோது, தோட்டத்தில் குலை வெட்டி லாரியில் ஏற்றிய பொருளின் விலையைக் கோலாலம்பூரில் ஆட்கள் கூவி ஏலம் போடுகிறார்கள் என்பதே எனக்குப் புதுச் செய்தி. கோலாலம்பூர் பண்டச் சந்தையில் 1980இல் தொடங்கிய வியாபாரம் அது. ஒரு லாட் என்பது 25 டன். விலை டன்னுக்கு ஒரு வெள்ளி நகர்ந்தால் கையில் 25 வெள்ளி நகரும். சந்தையின் பெயர் பலமுறை மாறி இன்று புர்சா மலேசியா டெரிவேட்டிவ்ஸ் ஆகிவிட்டது. அந்த 25 டன் மட்டும் மாறவில்லை.

அந்தக் காலத்தில் ஒரு விதியைச் சோதிப்பது என்றால் கட்டம் போட்ட தாளும் கால்குலேட்டரும்தான். பத்து நாள் சராசரி முப்பது நாள் சராசரியைத் தாண்டினால் வாங்கலாமா? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடவே பல வார இறுதிகள் போய்விடும். பத்துக்குப் பதில் பதினொன்று வைத்துப் பார்க்கலாமே என்று யாருக்கும் தோன்றாது. தோன்றினாலும் கை ஒத்துழைக்காது. அந்தச் சிரமம் எங்களை எவ்வளவு காத்தது என்பது அது போன பிறகுதான் தெரிந்தது. மெட்டாஸ்டாக் வந்தது. பின்னர் மெட்டாடிரேடர் வந்தது. இரவு ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் படுத்தால், காலையில் லட்சக்கணக்கான சேர்க்கைகள் லாப வரிசையில் நிற்கும். முதல் வரியில் இருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

2020 ஜனவரியில் ஒரு தம்பி என்னிடம் வந்தார். எங்கள் பக்கத்துத் தோட்டத்துக் குடும்பம், பொறியியல் படித்தவர், தொழிற்சாலையில் நல்ல வேலை. 60,000 வெள்ளி சேர்த்து வைத்திருந்தார். 2015 முதல் 2019 வரை ஐந்து ஆண்டு விலைகளை வைத்து ஒரு முறையை உருவாக்கியிருந்தார். 7 நாள் சராசரி 45 நாள் சராசரியைக் கடக்க வேண்டும். விலையின் வேகத்தைக் காட்டும் ஆர்எஸ்ஐ 57க்கு மேல் இருக்க வேண்டும், விற்பதற்கு அதன் எதிர்ப்பக்கம். ஸ்டாப் 38 வெள்ளி. திங்கட்கிழமை புதிதாக எதையும் தொடக்கூடாது. ஐந்து ஆண்டில் ஒரு லாட்டுக்கு ஏறத்தாழ 60,000 வெள்ளி லாபம், உச்சியிலிருந்து மிக மோசமான இறக்கம் 6,000 வெள்ளி என்று தாள் சொன்னது. லாபத்தை அதன் ஏற்ற இறக்கத்தால் வகுக்கும் ஷார்ப் விகிதம் ஆண்டுக்கு 1.4. நிதி நிர்வாகிகளே பெருமைப்படக்கூடிய எண் அது.

"எத்தனை சேர்க்கை ஓட்டினீர்கள் தம்பி?" என்று கேட்டேன்.

"கணக்கு வைக்கலண்ணே. கம்ப்யூட்டர்தான் ஓட்டிச்சு."

எதை எந்த எல்லைக்குள் நகர்த்தினார் என்று கேட்டு அங்கேயே பெருக்கினோம். குறுகிய சராசரி 5 முதல் 20 வரை, 16 மதிப்புகள். நீண்டது 25 முதல் 80 வரை ஐந்தைந்தாக, 12. ஸ்டாப் 20 முதல் 60 வரை இரண்டிரண்டாக, 21. ஆர்எஸ்ஐ எல்லை 50 முதல் 59 வரை, 10. கிழமையில் எதையும் விலக்காமல் ஒன்று, ஐந்தில் ஒன்றை விலக்கி ஐந்து, ஆக 6. எல்லாம் சேர்ந்து 2,41,920. அவர் கையில் இருந்தது அத்தனையிலும் முதல் இடம் பிடித்த ஒன்று.

இது ஏன் ஆபத்து என்பதை அவருக்கு ரப்பர் கன்றை வைத்துத்தான் விளக்கினேன், ஏனென்றால் அவர் அப்பாவும் என் அப்பா போல ஆர்ஆர்ஐஎம் 600 மரத்தில் பால் எடுத்தவர். 1925இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் ட்ஜிர் 1 என்ற மரத்தையும் பிபி 86 என்ற மரத்தையும் இணைத்து எடுத்த ரகம் அது. அங்கே கையால் மகரந்தம் சேர்த்து ஏராளமான கன்றுகளை எழுப்புவார்கள். நாற்றங்காலில் அதிகப் பால் காட்டியதை அப்படியே தோட்டத்துக்கு அனுப்பிவிட மாட்டார்கள். அது நின்ற மண் கொஞ்சம் நல்லதாக இருந்திருக்கலாம், பக்கத்துக் கன்று செத்து வெயில் கூடுதலாகக் கிடைத்திருக்கலாம். ஆயிரக்கணக்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த ஒன்றின் திறமையோடு அதன் அதிர்ஷ்டத்தையும் சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறோம். அதனால் சிறு திடலில் நடுவார்கள், பிறகு வெவ்வேறு மண்ணில் பெரிய திடலில் நடுவார்கள். நாற்றங்காலில் முதலாக வந்த பலவும் அங்கே பின்னுக்குப் போகும். ஒரு ரகம் பரவலாக நடத் தகுந்தது என்று சொல்ல இருபது, முப்பது ஆண்டுகள் ஆகிவிடும். தம்பி நாற்றங்காலின் முதல் கன்றைப் பிடுங்கி வந்து நூறு ஏக்கர் நடப்போகிறேன் என்று நின்றார்.

அதிர்ஷ்டம் மட்டுமே இருந்தால் முதல் இடத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதைக் கணக்கிட முடியும். எந்தத் திறமையும் இல்லாத, உண்மையான ஷார்ப் சுழியமாக உள்ள ஒரு முறையை ஐந்து ஆண்டு ஓட்டினால், ஆண்டுக்கணக்கில் அது காட்டும் ஷார்ப் சுழியத்தைச் சுற்றிச் சிதறும். அந்தச் சிதறலின் அளவு, ஐந்தின் வர்க்கமூலத்தால் ஒன்றை வகுத்தால் வருவது, ஏறத்தாழ 0.45. இப்படி ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 500 முறைகளை ஓட்டினால், அவற்றில் முதலாக வருவது சராசரியாக அந்தச் சிதறலின் மூன்று மடங்கு உயரத்தில் நிற்கும். அதாவது 1.36. பெய்லி, போர்வைன், லோபெஸ் டி பிராடோ, ஜூ என்ற நால்வர் 2014இல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் இதழில் இதையே எழுதினார்கள். ஐந்து ஆண்டு விலை மட்டும் கையில் இருந்தால் 45 தனித்தனி முயற்சிகளே போதும், ஒன்றும் இல்லாத இடத்தில் ஷார்ப் 1 கிடைத்துவிடும் என்பது அவர்கள் காட்டியது. அந்தக் கட்டுரையைப் படித்த பிறகுதான் என் மனதில் பல ஆண்டுகளாக இருந்த உறுத்தலுக்கு ஓர் அளவு கிடைத்தது.

தம்பி நல்ல கேள்வி கேட்டார். 7க்கும் 45க்கும் வரும் முடிவும், 8க்கும் 45க்கும் வரும் முடிவும் ஏறக்குறைய ஒன்றுதானே, அப்படியானால் 2,41,920ஐத் தனித்தனி முயற்சி என்று எப்படிச் சொல்லலாம் என்றார். சரியான கேள்வி. அக்கம்பக்கத்துச் சேர்க்கைகள் ஒட்டிப் பிறந்தவை. உண்மையில் தனித்து நிற்பவை சில நூறுதான் இருக்கும், எத்தனை என்று துல்லியமாகச் சொல்லவும் முடியாது. ஆனால் சில நூறே 1.3க்கும் 1.4க்கும் போதும் என்றுதான் கணக்கு சொல்கிறது.

கணக்கில் நம்பிக்கை வராதவருக்கு இன்னொரு வழி உண்டு. நான் அதையே அதிகம் நம்புகிறேன். அந்த ஐந்து ஆண்டின் தினசரி விலை மாற்றங்களை எடுத்து, வரிசையைக் கலைத்து, மீண்டும் கோத்து ஒரு பொய் விலைக்கோடு உண்டாக்க வேண்டும். மாற்றங்கள் எல்லாம் அதே மாற்றங்கள். ஆனால் நேற்றுக்கும் இன்றைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆகவே எந்தச் சராசரியாலும் அதில் எதையும் முன்கூட்டி அறிய முடியாது. அந்தப் பொய்க்கோட்டில் அதே இரவுத் தேடலை, அதே எல்லைகளோடு ஓட்ட வேண்டும். தம்பி ஒரு வார இறுதியில் பலமுறை கலைத்துக் கலைத்து ஓட்டினார். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு சேர்க்கை முதலிடத்துக்கு வந்தது. அவற்றின் ஷார்ப் 1.2க்கும் 1.6க்கும் நடுவில் இருந்தது. கோடுகளும் அதே அழகு. ஒன்றில் வெள்ளிக்கிழமை ஆகாது என்று வந்தது, இன்னொன்றில் புதன்கிழமை. அவருடைய 1.4 அந்தக் கூட்டத்தின் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. இதைக் கண்டதும் அவர் முகம் வாடிய விதம் எனக்கு வருத்தமாக இருந்தது. இரவு இரவாக உழைத்த பிள்ளை.

பிறகு அந்த 38 வெள்ளி ஸ்டாப் எங்கிருந்து வந்தது என்று தேடினோம். இப்படித் தேடுவது எப்போதும் பலன் தரும். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு பக்கமும் கொஞ்சம் நகர்த்திப் பார்க்க வேண்டும். 34 என்று வைத்தால் லாபம் சட்டென்று சரிந்தது. 36க்கும் சரிவுதான். 38க்கு வந்ததும் உயரம். வியாபாரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. பெரிய லாபம் தந்த ஒரு வாங்கலில் முதல் நாளே விலை 37 வெள்ளி இறங்கி, அதன் பிறகு மேலே போயிருந்தது. அந்த ஒரு நாளைத் தாண்டுவதற்காகவே கணினி 38ஐப் பிடித்திருக்கிறது. ஸ்டாப்பைப் பற்றிய அறிவு அதில் எதுவும் இல்லை. நடந்து முடிந்த ஒரு நாளின் நினைவு மட்டும் ஓர் எண்ணாக உருமாறி உட்கார்ந்திருந்தது. மிகைப்பொருத்தம் என்பதை நான் இப்படித்தான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எல்லா வடிகட்டிகளையும் தாண்டி ஐந்து ஆண்டில் நடந்த வியாபாரங்கள் 64தான். அதில் நான்கு மட்டும் மொத்த லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தந்திருந்தன. எல்லாவற்றிலும் பெரியது 2019 கடைசியில் விலை 2,100 வெள்ளிப் பக்கத்திலிருந்து 3,000ஐத் தாண்டிய ஏற்றம். அறுபத்து நான்கு வியாபாரத்துக்கு ஐந்து திருகுகள். ஆனால் உண்மையில் அந்தத் திருகுகள் அறுபத்து நான்கையும் பார்த்துப் பொருந்தவில்லை, அந்த நான்கைப் பார்த்துத்தான் பொருந்தின. திங்கட்கிழமை விலக்கும் அப்படியே. அந்த விதி தவிர்த்தவை இரண்டு மூன்று பெரிய நஷ்டங்கள், அவை தற்செயலாகத் திங்களில் தொடங்கியவை. சனி, ஞாயிறில் சிக்காகோ சோயா எண்ணெய்ச் சந்தை மூடியிருப்பதால்தான் திங்கள் ஆபத்து என்று தம்பி ஒரு காரணம் சொன்னார். எண் வந்த பிறகு காரணம் எப்போதும் கிடைக்கும். செவ்வாய் ஆகாது என்று வந்திருந்தால் அதற்கும் ஒன்று கிடைத்திருக்கும்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நாட்காட்டி விதிகள் எல்லாமே பொய் என்று படும். மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் மாதந்தோறும் 10ஆம் தேதியை ஒட்டி, நண்பகல் 12.30க்கு, கையிருப்புக் கணக்கை வெளியிடும். காலை வியாபாரம் முடியும் நேரம் அது. பிற்பகல் சந்தை திறக்கும்போது விலை எகிறும் அல்லது விழும். அந்த நாளில் வேண்டாம் என்று ஒருவர் வைக்கும் விதி, விலைக்கோட்டைப் பார்க்காமலேயே எழுதக்கூடியது. அதனால் நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எந்த விதியானாலும் அதன் காரணத்தை முதலில் எழுதித் தேதி போட்ட பிறகே ஓட்டுவேன். ஓட்டிய ஒவ்வொன்றும், தோற்றது உட்பட, அதில் ஏறும். முயற்சிகளின் எண்ணிக்கை தெரிய இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

இரவுத் தேடல் வேறொன்றையும் செய்யும். விலைப் பட்டியலில் பழுது இருந்தால் முதலில் அதைத்தான் கண்டுபிடிக்கும். எங்கள் சந்தையில் மூன்றாம் மாத ஒப்பந்தம்தான் அடையாள விலை. நடப்பு மாத ஒப்பந்தம் 15ஆம் தேதி முடிந்ததும் வரைபடம் அடுத்த மாதத்துக்குத் தாவும். இரண்டு மாதத்துக்கும் விலை வேறு, ஆகவே கோட்டில் ஒரு பள்ளமோ மேடோ விழும். அந்தத் தாவலில் யாரும் ஒரு காசு சம்பாதிக்க முடியாது, ஆனால் கணினிக்கு அது லாபம். மாத நடுவில் மட்டும் விற்கச் சொல்லி அருமையாகச் சம்பாதிக்கும் ஒரு முறையை முன்பொரு வாடிக்கையாளர் கொண்டுவந்தார். தாவல்களைச் சரிசெய்து ஓட்டியதும் ஒன்றும் மிஞ்சவில்லை.

கொஞ்ச ஆண்டுகளை ஒளித்து வைத்துவிட்டு, முறையை முடித்த பிறகு அதில் சோதித்தால் தப்பிக்கலாம் என்பார்கள். நல்ல வழிதான், ஒரே ஒரு முறை திறந்தால். எனக்குத் தெரிந்த ஒரு மூத்த தரகர் இரண்டு ஆண்டுகளை அப்படிப் பூட்டி வைத்திருந்தார். முதல் முறை அதில் தோற்றது. போய் ஒரு திருகை மாற்றினார், மறுபடியும் அதே இரண்டு ஆண்டில் பார்த்தார். பல மாதங்கள் இப்படிப் போய், கடைசியில் இரண்டு பக்கமும் லாபம் காட்டும் ஒன்று கிடைத்தது. பார்க்காத ஆண்டிலும் வென்றுவிட்டது என்று மனதாரச் சொன்னார். அவர் கணினிக்கு அந்த ஆண்டுகளைக் காட்டவில்லை என்பது உண்மை. ஆனால் அவரே பார்த்துக்கொண்டிருந்தார், பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். நேர்மையான மனிதர், அவருக்கு அது கடைசிவரை தெரியவில்லை.

தம்பியிடம் திரும்ப வருகிறேன். அவரைத் தடுத்து நிறுத்தியே தீர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த 1.4ஐப் பார்த்து அல்ல, லாட் எண்ணிக்கையைப் பார்த்து. ஐந்து லாட் போடப் போகிறேன் என்றார். அவர் கணக்கு இது. ஒரு லாட்டுக்கு மிக மோசமான இறக்கம் 6,000, ஐந்துக்கு 30,000, சேமிப்பில் பாதிதான் போகும். மிகைப்பொருத்தம் கையைக் கடிப்பது இந்த இடத்தில்தான். தேடல் லாபத்தை மட்டும் உயர்த்துவதில்லை, இறக்கத்தையும் கழுவித் துடைத்துவிடுகிறது. பெரிய நஷ்டங்களைத் தவிர்த்த சேர்க்கைதானே முதலில் வரும்? அவர் முறையின் ஆண்டு ஏற்ற இறக்கம் ஒரு லாட்டுக்கு ஏறத்தாழ 8,600 வெள்ளி. திறமை எதுவும் இல்லை என்று வைத்தால், அத்தனை ஏற்ற இறக்கம் உள்ள கணக்கு இரண்டு ஆண்டில் உச்சியிலிருந்து சராசரியாக 15,000 வெள்ளி இறங்கும். தரகுக் கூலி சேர்க்காமல். ஐந்து லாட்டுக்கு 75,000. அவரிடம் இருந்தது 60,000. மார்ஜின் அழைப்பு அதற்கு வெகு முன்பே வந்துவிடும்.

ஓர் ஆண்டு தாளில் மட்டும் எழுதிப் பாருங்கள் என்றேன். கேட்டுக்கொண்டார். அந்த 2020இல் விலை ஜனவரியில் 3,100 பக்கம் இருந்து மே மாதத் தொடக்கத்தில் 2,000க்கும் கீழே போய், ஆண்டு இறுதிக்குள் 3,500ஐத் தாண்டியது. போக்கைப் பின்தொடரும் எந்த எளிய முறைக்கும் நல்ல ஆண்டு. அவருடைய முறை திசையைச் சரியாகவே பிடித்தது. ஆனால் மார்ச் மாதத்தில் ஒரே நாளுக்குள் விலை 60, 80 வெள்ளி ஆடியபோது, அமைதியான ஆண்டுகளுக்கு வெட்டிய 38 வெள்ளி ஸ்டாப் திரும்பத் திரும்ப அவரை வெளியே தள்ளியது. மீண்டும் நுழைய ஆர்எஸ்ஐ வடிகட்டி விடவில்லை, அல்லது அன்று திங்களாக இருந்தது. ஆண்டு முடிவில் தாளில் சிறிய நஷ்டம். பெரிய வெடிப்பு எதுவும் இல்லை. இப்படிப்பட்ட முறைகள் பெரும்பாலும் வெடிப்பதில்லை, மெல்லத் தேய்கின்றன. இந்த வாரம் திரும்பிவிடும், அடுத்த வாரம் திரும்பிவிடும் என்று ஆளை உட்கார வைக்கின்றன. 2022 மார்ச்சில் விலை 7,000ஐத் தாண்டி ஒரே நாளில் 300, 400 வெள்ளி ஏறி இறங்கியதே, அங்கே அந்த 38 ஒரு மணி நேரம்கூடத் தாங்கியிருக்காது.

இன்று அவரிடம் இருக்கும் முறையில் திருகு இரண்டுதான். ஒரு நீண்ட சராசரி, அதை 40 என்று வைத்தாலும் 70 என்று வைத்தாலும் முடிவு பெரிதாக மாறுவதில்லை. ஸ்டாப் வெள்ளிக்கணக்கில் இல்லை, அண்மை நாட்களின் சராசரி ஆட்டத்தில் இத்தனை மடங்கு என்று இருக்கிறது. அதனால் விலை 2,000 ஆனாலும் 7,000 ஆனாலும் தானாக விரியும், சுருங்கும். பேக்டெஸ்ட் ஷார்ப் 0.4. அந்தத் தாளை யாரிடமும் காட்டிப் பெருமைப்பட முடியாது. அவர் ஒரு நாள் கேட்டார், "இந்த 0.4 நிஜமாண்ணே, இல்ல இதுவும் அதிர்ஷ்டமா?"

கணக்குப் போட்டோம். 0.4 என்பது சுழியம் இல்லை என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல, அதைக் காலத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 2 வர வேண்டும். அதற்கு 25 ஆண்டு விலை தேவை, அதுவும் ஒரே ஒரு முயற்சி மட்டும் செய்திருந்தால். அவர் நோட்டில் ஒன்பது முயற்சிகள் இருந்தன. எங்கள் சந்தைக்கு 1980 முதல் விலை உண்டு. ஆனால் ரிங்கிட் டாலருக்கு 3.80 என்று கட்டப்பட்டிருந்த ஆண்டுகளும், கூவி விற்ற ஆண்டுகளும், 2021 டிசம்பரில் இரவுச் சந்தை வந்த பிறகான ஆண்டுகளும் ஒரே மண் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவர் ஒரு லாட் மட்டும் போடுகிறார். அதற்கு 20,000 வெள்ளி இறக்கம் வரலாம் என்று ஒதுக்கி வைத்துவிட்டு.